இடம் மாறலாம், நேரம் மாறாது

செப்டம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் என் படிப்பு மேசைமீது இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கமாகக் கிடந்தன. ஒன்று, எஸ்.பி.எம். தேர்வின் கால அட்டவணை. மற்றொன்று, கெடா மாநிலக் குழுவிற்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகத் தெரிவிக்கும் கடிதம். தேசிய அளவிலான இளையோர் திடல்தடப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்திலும் 4x400 மீட்டர் அஞ்சல் ஓட்டத்திலும் நான் ஓட வேண்டும். போட்டி கோலாலம்பூர், புக்கிட் ஜாலிலில் நடக்கும். முதலில் ஆகஸ்டு மாதத்திற்குத் திட்டமிடப்பட்டிருந்த அப்போட்டி, நவம்பருக்குத் தள்ளிப் போடப்பட்டிருந்தது.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் துள்ளிக் குதித்தேன். அம்மாதான் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இங்கே வா. நவம்பர் 20-ஆம் தேதி புதன்கிழமை உனக்கு என்ன தேர்வு?” என்று கேட்டார்.

வரலாறு. முதல் தாள் காலை 8.00 முதல் 9.00 வரை. இரண்டாம் தாள் 10.00 முதல் 12.30 வரை. அதே புதன்கிழமை காலை 10.30-க்கு 1500 மீட்டர் தகுதிச் சுற்று. மாலை 5.00 மணிக்கு அஞ்சல் ஓட்டத் தகுதிச் சுற்று. மறுநாள் மாலை இறுதிச் சுற்றுகள்.

வேறு பாடமாக இருந்திருந்தால் மனம் இவ்வளவு கலங்கியிருக்காது. எஸ்.பி.எம். சான்றிதழ் பெறுவதற்கு மலாய்மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். 2013-ஆம் ஆண்டு முதல் வரலாற்றிலும் தேர்ச்சி பெற வேண்டும். வரலாற்றுத் தேர்வுக்குப் போகாவிட்டால், மற்றப் பாடங்களில் எத்தனை ‘ஏ’ வாங்கினாலும் சான்றிதழ் கைக்கு வராது.

அன்றிரவே தேர்வு வாரியத்திற்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கங்கள் எழுதினேன். ஒன்பது வயதில் தோட்டத்துப் பள்ளித் திடலில் வெறுங்காலோடு ஓடியதில் தொடங்கினேன். காலை ஐந்தரை மணிப் பயிற்சி, கால் சதை பிடித்துக்கொண்ட நாள்கள், அப்பா வாங்கித் தந்த முதல் ஆணிக் காலணி என எல்லாவற்றையும் எழுதினேன். கடைசிப் பத்தியில், “ஆகவே, எனக்காக வரலாற்றுத் தேர்வை அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமைக்கு மாற்றித் தருமாறு கண்ணீருடன் வேண்டுகிறேன்” என்று முடித்தேன். எனக்கே கண் கலங்கியது.

மறுநாள் அதைத் தமிழாசிரியையிடம் கொடுத்தேன். அலுவல் கடிதம் எழுத எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். கடிதத்தை அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு பென்சிலை எடுத்து ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதினார்: ‘யார்? எந்தத் தாள்? என்ன வேண்டும்?’

“உன் கதை நன்றாக இருக்கிறது. ஆனால், இதைப் படிக்கும் அதிகாரி இந்த மூன்றையும் தெரிந்துகொள்ள மூன்றாம் பக்கம் வரை வர வேண்டியிருக்கிறது. அங்கே வந்தபிறகும் உன் தேர்வு எண் இல்லை, பாடக் குறியீட்டு எண் இல்லை. நீ யார் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?” என்றார்.

“அதைச் சேர்த்துவிடுகிறேன், ஆசிரியை” என்றேன்.

“சேர்க்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நீ கேட்பதை அவர்களால் தரவே முடியாது.”

எனக்குச் சுருக்கென்றது. “ஒரே ஒருத்திக்காக இரண்டு நாள் தள்ளி வைப்பதில் அவர்களுக்கு என்ன நட்டம்?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. “புதன்கிழமை பகல் 12.30-க்கு நாடு முழுவதும் உள்ள படிவம் 5 மாணவர்கள் தேர்வு மண்டபத்தைவிட்டு வெளியே வருவார்கள். வந்ததும் முதலில் என்ன செய்வார்கள்?” என்று கேட்டார்.

“என்ன கேள்வி வந்தது என்று பேசிக்கொள்வார்கள்.”

“கைப்பேசியிலும் பேசிக்கொள்வார்கள் அல்லவா? நீ வெள்ளிக்கிழமை அதே வினாத்தாளை எழுதினால், அது உனக்குத் தேர்வாக இருக்காது. நீ நேர்மையானவள், யாரிடமும் கேட்கமாட்டாய் என்று நான் நம்புவேன். வாரியம் எதை வைத்து நம்பும்? சரி, உனக்கு மட்டும் புதிய வினாத்தாள் ஒன்றைத் தயாரித்தால்? அது புதன்கிழமைத் தாளைவிட எளிதா, கடினமா என்பதை எப்படி அறிவது? பல ஆயிரம் பேர் எழுதிய ஒரு தாளின் புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஒருத்தி மட்டும் எழுதிய தாளை எதனோடு ஒப்பிடுவது?”

நான் பதில் பேசவில்லை. என் கோரிக்கை சிறியது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஒரே வினாத்தாள், ஒரே நேரம் என்னும் இரண்டின்மீதுதான் அந்தத் தேர்வு முழுவதும் நிற்கிறது என்பதும், அதில் ஒன்றை எனக்காக அசைக்கச் சொல்கிறேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

“அப்படியென்றால் போட்டிக்குப் போக முடியாதா?” என்று மெல்லக் கேட்டேன்.

“தேர்வு நாளில் ஒரு மாணவன் மருத்துவமனையில் படுத்திருந்தால் என்ன செய்கிறார்கள், தெரியுமா? அதே நாளில், அதே நேரத்தில், வினாத்தாளை அங்கே கொண்டுபோய்க் கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத வைக்கிறார்கள். வெள்ளத்தில் பள்ளி மூழ்கினால், மாணவர்கள் வேறு பள்ளியில் போய் எழுதுகிறார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது?”

சற்று யோசித்தேன். “இடம் மாறலாம். நேரம் மாறாது.”

“அதுதான். மாறக்கூடியதைக் கேள்” என்றார் ஆசிரியை.

தன் பள்ளியில் தேர்வு எழுத முடியாத மாணவர் முன் அனுமதி பெற்று வேறொரு தேர்வு மையத்தில் அமர்ந்து எழுதுவதற்கு வழி உண்டு. இப்படி எழுதுபவரை மலாய்மொழியில் ‘மெனும்பாங்’ மாணவர் என்பார்கள். அதாவது, வேறொரு மையத்தில் ஒண்டிக்கொண்டு எழுதுபவர். புக்கிட் ஜாலிலுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் நான் ஒண்டிக்கொள்ள முடிந்தால், 12.30 மணிக்கு மண்டபத்தைவிட்டு வெளியே வந்து, மாலை அஞ்சல் ஓட்டத்தில் ஓடலாம்.

சுங்கைப்பட்டாணியிலேயே தேர்வை எழுதிவிட்டுக் காரில் விரைந்தால் என்ன என்று அப்பா கேட்டார். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வழியில் எங்கும் நெரிசல் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். ஓட்டக்காரர்கள் 4.30 மணிக்கே ஒன்றுகூட வேண்டும். காரைவிட்டு இறங்கிய கால்களோடு உடலைச் சூடேற்றாமல் 400 மீட்டர் ஓடினால், தொடைச் சதை கிழிவதற்கு வாய்ப்பு மிகுதி. அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு, “இது சரிப்பட்டு வராது” என்றார்.

ஆனால், அந்தக் கணக்கில் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. புக்கிட் ஜாலிலிலேயே தேர்வு எழுதினாலும் காலை 10.30 மணிக்கு நடக்கும் 1500 மீட்டர் தகுதிச் சுற்றில் நான் ஓட முடியாது. அந்த நேரத்தில் நான் இரண்டாம் தாளுக்கு விடை எழுதிக்கொண்டிருப்பேன். அதுதான் என் சொந்தப் போட்டி. இரண்டு ஆண்டுகளாக நான் பயிற்சி செய்தது அதற்காகத்தான். போட்டி ஏற்பாட்டாளர்களிடம் நேரத்தை மாற்றக் கேட்கலாமா என்று பயிற்றுநரிடம் கேட்டேன். அவர் மாநிலக் குழு நிர்வாகியின்வழிக் கேட்டும் பார்த்தார். இரண்டு தகுதிச் சுற்றுகளையும் மாலைக்கு மாற்றினால், மறுநாள் இறுதிச் சுற்றுக்கு முன் மற்ற ஓட்டக்காரர்களுக்குப் போதிய ஓய்வு கிடைக்காது என்று பதில் வந்தது. அதுவும் நியாயமாகவே இருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டையும் கேட்டு எழுதினால் என்ன, ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று மனம் திரும்பத் திரும்பக் கேட்டது. காலையில் ஆசிரியையிடம் போய், “1500 மீட்டரை விட்டுவிடுகிறேன். அஞ்சல் ஓட்டத்திற்கு மட்டும் கேட்டு எழுதுகிறேன்” என்றேன். அவர் என் தோளைத் தட்டினாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கடிதத்தைப் புதிதாக எழுதினேன். எண்ணங்கள் தெளிவாக வருவதற்காக முதலில் தமிழில் எழுதி, பிறகு மலாய்மொழி ஆசிரியரின் உதவியோடு மலாய்மொழிக்கு மாற்றினேன். முகவரிகளை விட்டுவிட்டு, அதன் உள்ளடக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மதிப்பிற்குரிய ஐயா,

எஸ்.பி.எம். வரலாற்றுத் தாள்களை வேறொரு தேர்வு மையத்தில் எழுத அனுமதி கோருதல்

வணக்கம். நான் மேற்காணும் பள்ளியில் படிவம் 5-இல் பயிலும் மாணவி. என் அடையாள அட்டை எண்ணும் தேர்வு எண்ணும் இக்கடிதத்தின் மேற்பகுதியில் குறிக்கப்பட்டுள்ளன.

2. நவம்பர் 20-ஆம் தேதி, புதன்கிழமை, காலை 8.00 முதல் பகல் 12.30 வரை நடைபெறும் வரலாற்றுப் பாடத்தின் (1249) முதல் தாளையும் இரண்டாம் தாளையும் கோலாலம்பூர், புக்கிட் ஜாலிலுக்கு அருகிலுள்ள ஒரு தேர்வு மையத்தில் எழுத அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வின் நாளையோ நேரத்தையோ மாற்றுமாறு நான் கோரவில்லை.

3. அன்று மாலை 5.00 மணிக்குப் புக்கிட் ஜாலிலில் நடைபெறும் தேசியத் திடல்தடப் போட்டியின் 4x400 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் கெடா மாநிலத்தைப் பிரதிநிதிக்க நான் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளேன். என் பள்ளிக்கும் விளையாட்டரங்கத்திற்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் என்பதால், என் பள்ளியில் தேர்வு எழுதிவிட்டுக் குறித்த நேரத்தில் அங்குச் சென்றுசேர இயலாது.

4. அதே நாள் காலையில் நடைபெறும் 1500 மீட்டர் ஓட்டத்திலிருந்து நான் விலகிக்கொண்டேன். ஆகவே, தேர்வு நேரத்தில் எனக்கு வேறு போட்டி எதுவும் இல்லை. மற்றப் பாடங்கள் அனைத்தையும் என் பள்ளியிலேயே எழுதுவேன்.

5. தேர்வுக்குப் பதிந்துகொண்டதைக் காட்டும் தாளின் நகல், மாநிலக் குழுவின் தேர்வுக் கடிதம், போட்டியின் கால அட்டவணை, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். அனுமதி கிடைத்தால், தேர்வு மையத்தின் எல்லா விதிமுறைகளுக்கும் கட்டுப்பட்டு நடப்பேன்.

நன்றி.

இக்கண்,
(கையொப்பம்)

மூன்று பக்கங்கள் ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தன. வெறுங்காலும் கண்ணீரும் அதில் இல்லை. நான்காவது பத்தியை எழுதும்போது மட்டும் பேனா சற்று நின்றது. ‘விலகிக்கொண்டேன்’ என்று எழுதிவிட்டால் திரும்பிப் போக முடியாது. பயிற்றுநருக்கும் அன்றே தெரிவித்தேன். பெயர்ப் பட்டியல் இன்னும் மூடப்படாததால், மாற்று ஓட்டக்காரராக இருந்த வேறு பள்ளி மாணவி ஒருத்தியின் பெயரை 1500 மீட்டருக்கு அவர் பதிந்துவிட்டார்.

கடிதம் என் கையிலிருந்து நேராக வாரியத்திற்குப் போகவில்லை. பள்ளி முதல்வர் தம் பரிந்துரையை எழுதி, மாநிலக் கல்வி இலாகாவிற்கு அனுப்பினார். அது செப்டம்பர் 12-ஆம் தேதி. இரண்டு வாரத்திற்குப் பிறகு ஒரு வினா வந்தது: கோலாலம்பூரில் நான் தங்கப்போகும் இடத்தின் முகவரி என்ன? ‘புக்கிட் ஜாலிலுக்கு அருகில்’ என்று எழுதினால் போதும் என நினைத்திருந்தேன். எந்த மையம் அருகில் இருக்கிறது, அதில் எனக்கு ஓர் இருக்கையும் வினாத்தாளும் ஒதுக்க முடியுமா என்பதை முடிவு செய்ய அவர்களுக்கு முகவரி தேவைப்பட்டது. பயிற்றுநரிடம் விடுதியின் முகவரியைப் பெற்று அனுப்பினோம். ஒவ்வொரு நாளும் இடைவேளையில் பள்ளி அலுவலகக் கதவருகே போய் நிற்பது எனக்கு வழக்கமாயிற்று. என் முகத்தைக் கண்டதுமே எழுத்தர் அக்காள் ‘இல்லை’ என்று தலையசைப்பார்.

அக்டோபர் நான்காம் வாரத்தில் அவர் தலையசைக்கவில்லை. ஒரு தாளை எடுத்து நீட்டினார். அனுமதி கிடைத்துவிட்டது. எந்தப் பள்ளி, எந்த நாள், எந்தத் தாள்கள் என்பன அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தன. அலுவலக வாசலிலேயே அதை மூன்று முறை படித்தேன்.

தேர்வு நாளன்று காலை 7.15-க்கே குழு நிர்வாகி என்னை அந்தப் பள்ளியில் இறக்கிவிட்டார். யாரையும் தெரியாத மண்டபம். கதவில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. வயிறு கலங்கியது. அடையாள அட்டை, தேர்வுப் பதிவுத் தாள், அனுமதிக் கடிதத்தின் நகல் மூன்றையும் தலைமைக் கண்காணிப்பாளரிடம் காட்டினேன். அவர் தம் கோப்பைத் திறந்து, தனியாக இருந்த ஒரு தாளில் என் பெயரைச் சரிபார்த்தார். “விடைத்தாளில் உன் பள்ளியில் கொடுத்த தேர்வு எண்ணைத்தான் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து இந்த மையத்தின் எண்ணை எழுதிவிடாதே” என்று எச்சரித்து, கடைசி வரிசையில் ஓர் இருக்கையைக் காட்டினார்.

முதல் தாளின் நாற்பது கேள்விகளும் விரைவாக முடிந்தன. இரண்டாம் தாள் தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருக்கும். சுவர்க் கடிகாரம் 10.30 காட்டியது. விளையாட்டரங்கில் துப்பாக்கி வெடிக்கும் நேரம். பேனாவை ஒரு கணம் கீழே வைத்தேன். பிறகு எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினேன்.

அன்று மாலை அஞ்சல் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடினேன். எங்கள் குழு இரண்டாவதாக வந்து இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. மறுநாள் இறுதிச் சுற்றில் நான்காவது இடம்தான் கிடைத்தது, பதக்கம் இல்லை. எனக்குப் பதிலாக 1500 மீட்டர் ஓடிய மாணவி இறுதிச் சுற்றுவரை சென்று ஆறாவதாக வந்தாள். அவள் ஓடியதைப் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். கைதட்டினேன். கடைசிச் சுற்றில் நான் இருந்திருந்தால் எங்கே வேகம் எடுத்திருப்பேன் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

தேர்வு முடிவு வந்தபோது வரலாற்றில் ‘பி’ கிடைத்திருந்தது. சான்றிதழ் கைக்கு வந்தது. அதை வைத்திருக்கும் கோப்பில் அந்த இரண்டு கடிதங்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்று பக்கக் கடிதத்தின் ஓரத்தில் ஆசிரியை பென்சிலால் எழுதிய மூன்று கேள்விகள் இன்னும் மங்காமல் இருக்கின்றன. இப்போது எந்த அலுவலகத்திற்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாலும், அந்த மூன்றுக்கும் விடை எழுதிவிட்டு, அவர்களால் எதை மாற்ற முடியும் என்று நான்காவதாக ஒன்றையும் கேட்டுக்கொள்கிறேன்.